கவரைக் கூட்டுவதா, லாப்பை நீட்டுவதா? வெள்ளவத்தையில் ஒரு பீம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி வேலை. பீம் 225 அகலம், 300 ஆழம், மேலே இரண்டு 16 மில்லிமீற்றர் கம்பி. லொறி திரும்ப இடமில்லாததால் 6 மீற்றர் கம்பிதான் வந்தது, ஆகவே இரண்டு கம்பிகளின் நுனிகளைக் கொஞ்ச நீளம் சேர்த்துக் கட்டும் லாப் போடாமல் முடியாது. "சேர், நாங்கள் எப்பவும் ரெண்டடி தானே விடுறது" என்றார் கம்பி கட்டுபவர். இரண்டடி என்றால் 610 மில்லிமீற்றர். 12 கம்பிக்கு அது தாராளம், 20 கம்பிக்குப் போதவே போதாது. 16 கம்பிக்கோ, எவ்வளவு வேண்டும் என்பதைக் கவர், அதாவது கம்பிக்கூட்டை மூடும் கொங்கிரீட்டின் தடிப்பு, தெரியாமல் சொல்ல முடியாது.

இங்கே பலர் இன்னும் பி.எஸ். 8110 என்ற பழைய பிரித்தானியக் கொங்கிரீட் விதிநூலின் படிதான் கணக்குப் போடுகிறார்கள். 30 தரக் கொங்கிரீட், 500 தர முறுக்குக் கம்பி என்றால் இழுவை லாப்புக்கு அடிப்படை நீளம் கம்பி விட்டத்தின் சுமார் 40 மடங்கு, அதாவது 640. ஆனால் கம்பியின் மேலுள்ள கவர் விட்டத்தின் இரு மடங்கை விடக் குறைந்தால் கதை மாறும். லாப்பில் ஒரு கம்பியின் விசை சுற்றியுள்ள கொங்கிரீட் வழியாகத்தான் மற்றதற்குப் போகிறது. அப்போது கம்பியின் முறுக்குவரிகள் கொங்கிரீட்டை வெளியே தள்ளும். மேல்தோல் மெல்லியதாக இருந்தால் கம்பி நெடுக வெடிப்பு விழும். அதனால்தான் மூலையில் உள்ள லாப்புக்கு 1.4 மடங்கு. பீமின் மேல்புறத்தில் உள்ளதற்கும் 1.4 மடங்கு, ஏனென்றால் கொட்டிய கொங்கிரீட் அமரும்போது மேல்கம்பியின் அடியில் நீர் தங்கிப் பிடிமானம் குறையும். இரண்டும் சேர்ந்தால் இரு மடங்கு.

முதல் வழி, 25 கவர். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 6 மில்லிமீற்றர் வளையத்தையும் சேர்த்தால் பிரதான கம்பிக்கு மேல் 31 இருக்கும். வேண்டியது 32. ஒரு மில்லிமீற்றர் குறைந்ததற்காக 640 என்பது 1280 ஆகிறது! கூடுதல் 640 நீளத்துக்கு ஒரு லாப்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கம்பி. செலவு பெரிதில்லை. ஆனால் நாலேகால் அடி லாப்பை எவரும் மனமுவந்து கட்டமாட்டார்கள், இரண்டடியில்தான் போய் நிற்கும்.

இரண்டாவது, 40 கவர். கம்பிக்கு மேல் 46 கிடைக்கிறது, கவர் காரணமாக நீளம் கூடுவதில்லை. விலை வேறு இடத்தில்: கம்பி 15 மில்லிமீற்றர் கீழே இறங்குவதால் பீமின் அடியிலிருந்து கம்பியின் நடுவரையான பயன் ஆழம் 261இலிருந்து 246 ஆகும். அதைச் சரிக்கட்ட பீமை 315 ஆழமாக்கினால் நாலு மீற்றருக்கு 0.0135 கன மீற்றர் கொங்கிரீட்தான் கூடும். இதிலும் ஒரு பொறி உண்டு. கம்பிகள் உள்ளே நெருங்குவதால், இரண்டு லாப்பையும் பக்கவாட்டில் வைத்தால் நடுவே 69 தான் மிஞ்சும். 96 வேண்டும், இல்லையேல் 1.4 மடங்கு திரும்ப வந்துவிடும். லாப் கம்பியை மற்றதன் அடியில் வைத்துக் கட்டினால் 101 கிடைக்கும், 640 போதும். அப்போது அடிக்கம்பி 16 மில்லிமீற்றர் இறங்கும். அதனால் அந்த லாப்பைத் தூணின் மேல் வைக்கக்கூடாது, மேல்கம்பியில் இழுவை குறைந்த நடுப்பகுதிக்குத் தள்ள வேண்டும். கீழ்க்கம்பிக்கு நேர்மாறு, தூணுக்கு அருகில்.

என் தெரிவு இரண்டாவது. லாப் ஒரு காரணம், கடல் மற்றது. 25 கவர், 30 தரக் கொங்கிரீட் என்பது பி.எஸ். 8110இல் காய்ந்த உட்புறத்துக்கான அளவு. கடுமையான சூழலுக்கு அது 40 கவருடன் 40 தரக் கொங்கிரீட்டும் கேட்கிறது, உப்புத் தெறிக்கும் இடத்துக்கு 50 கவர். 40 தரத்தில் லாப் 35 மடங்காகக் குறைவது இலவச லாபம்.

தூணில் விவகாரம் சுருக்கம். அழுத்தத்தில் உள்ள லாப்புக்கும் 40 மடங்குதான் வருகிறது, கவருக்காகப் பெருக்க வேண்டியதில்லை. தளத்துக்கு மேலே லாப் போடுவதே இங்கு வழக்கம், வசதியும் அதுதான். ஆனால் கவர் கெடுவதும் அங்கேதான்: தளம் கொட்டும்போது மேல்தூணுக்காக நீட்டி விட்ட எழுப்புக்கம்பி சாய்ந்துவிடும், அதன் மேல் அடுத்த கம்பியைக் கட்டினால் ஒரு முகத்தில் 40, எதிர்முகத்தில் 15 என்று நிற்கும்.

எங்கள் வேலையிலும் அதுவே நடந்தது. பலகை அடிக்கும் முன் அளக்கும் ரேப்பை வைத்தேன், கடல் பக்க முகத்தில் 18. அடியில் கவர் கட்டைக்குப் பதில் உடைந்த தரையோட்டுத் துண்டு செருகியிருந்தது. அதே ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டுத் தூணின் அடியில், சரியாக லாப் உயரத்தில், நெடுக்கு வெடிப்பும் பழுப்புக் கறையும் உண்டு. சுத்தியலால் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் வரும். கம்பி கட்டுபவரைக் கூட்டிப்போய்த் தட்டிக் காட்டினேன். திரும்பி வந்து துண்டைப் பிடுங்கிவிட்டு, 40 கட்டையை அவரே கட்டினார்.