நேர்த்தித் தாடியும் மழித்த முகமும்: இரண்டு வருட DeepFaceLab அனுபவம்

எங்கள் குறும்படத்தில் உழவு மெசின் ஓட்டும் காட்சிகள் மாங்குளம் பக்கம் எடுத்தவை. நாயகனுக்கு மெசின் ஓட்ட வராது. ஓட்டியவர் ஊர் அண்ணர் ஒருவர். முகமாற்று மென்பொருளான DeepFaceLab மூலம் நாயகனின் முகத்தை அவர்மேல் பொருத்த இருவரும் சம்மதித்திருந்தார்கள். சிக்கல் தாடிதான். நாயகன் முழுக்க மழித்தவர், அண்ணரோ வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து அடர்ந்த தாடி வளர்த்திருந்தார். வைகாசிப் பொங்கல் முடியாமல் எடுக்க மாட்டார், அப்படிக் கேட்பதும் சரியில்லை.

முதலில் முழு முகத்தையும் அப்படியே மாற்றிப் பார்த்தேன். நாயகனின் படங்கள் கிடக்கும் data_src கோப்புறையில் மாடல் பார்த்தது மழித்த நாடியை மட்டும், அதனால் அதையே வரைந்தது. எவ்வளவு பகுதி மாற வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்குக்கு வெளியே இருந்த தாடி மட்டும் கழுத்தில் தனியாகத் தொங்கியது. தலை அசையும்போதெல்லாம் அந்த விளிம்பு துடித்தது. கன்னமும் சாம்பல் பூத்துக் கிடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. நிறத்தைச் சமன்செய்யும் rct, மாஸ்க்குக்குள் இருக்கும் நிறங்களின் சராசரியைப் பார்த்து வேலை செய்கிறது. தாடியின் கருமையும் அந்தக் கணக்கில் சேர்ந்தால் தோல் முழுவதும் இருண்டுவிடும்.

அப்புறம் தாடியை மாற்றாமல் அண்ணருடையதாகவே விட முடிவெடுத்தேன். XSeg எடிட்டரில் அவருடைய எண்பது முகங்களில் மீசை, உதடு, தாடி மூன்றையும் வெளியே விட்டுக் கோடு போட்டு, அதைக்கொண்டு XSeg-ஐப் பழக்கினேன். மற்ற முகங்களுக்கு மாஸ்க்கை அதுவே போடும். குனிந்தது, பக்கவாட்டில் திரும்பியது, வாய் திறந்தது என எல்லா வகையும் அதில் இருக்க வேண்டும். அந்தக் காட்சியில் வசனம் இல்லாததால் உதடு அவருடையதாக இருந்தது இடைஞ்சலாகவில்லை.

கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. மயிர் தொடங்கும் இடத்தில் போட்டால் கன்னத்து ஓரத்து ஐதான மயிர்கள் பாதியில் அறுந்து தெரியும். கொஞ்சம் மேலே, வெறும் தோலில் போட்டால் தோலும் தோலும் கலக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. மீசைப் பக்கம் மூக்குத் துவாரத்துக்கு உடனே கீழே நிறுத்தினேன். மாற்றிய முகத்தைக் காட்சியோடு மெர்ஜ் செய்யும்போது விளிம்பை மங்கலாக்கும் blur மட்டும் கூட்டினால் மழித்த தோல் தாடிமேல் பனிமூட்டம் போலப் படியும். முதலில் erode-ஐக் கூட்டி விளிம்பை உள்ளே இழுத்து, பிறகு blur கொடுக்க வேண்டும். தாடி மாஸ்க்கை விட்டுப் போனதும் கன்னத்தின் நிறமும் தானாகத் தெளிந்தது.

மூன்று நாள் குறுமயிர் வேறு தொல்லை. மழித்த படங்களோடு அவை data_src-இல் கலந்தால் மாடல் இரண்டையும் சராசரியாக்கி நாடியில் நீலச்சாம்பல் நிழல் போடும். ஒரே நிலையில் எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குகிறேன். மூலமுகத்தில் அடர்ந்த தாடி, இலக்குமுகம் மழித்தது என்றால் நான் முயல்வதே இல்லை, தாடையைத் தாண்டும் மயிரை மாஸ்க் வெட்டிவிடும். ஓட்டுபவருக்கு ஒட்டுத்தாடி வைத்துத்தான் எடுக்கிறோம்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. தாடை அண்ணருடையதுதான். நேரே பார்க்கும்போது கண்ணும் மூக்கும் நாயகனைக் காட்டின. முழுப் பக்கவாட்டில் திரும்பிய இரண்டு ஷாட்டில் நாயகனைத் தெரிந்த எவரும் ஆள் வேறென்று சொல்லிவிடுவார்கள். அவற்றை வெட்டிவிட்டு, பின்னாலிருந்து மறுபடி எடுத்தோம்.