நெல் வியாபாரத்துக்குக் கடனா, ஓடியா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்று, செங்கலடிப் பக்கங்களில் வெட்டுக் காலத்தில் நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுக்கும் சிறு வியாபாரிக்கு ஓடிதான் பொருத்தம் என்பது என் முடிவு. ஓடி என்பது மேலதிகப்பற்று: வங்கி தந்த எல்லை வரை நடைமுறைக் கணக்கில் வேண்டியபோது எடுத்து, பணம் வந்ததும் கட்டுவது. எங்கள் வியாபாரமும் ஓடியில்தான் நடக்கிறது. பிணை, காணி உறுதி, சட்டத்தரணி செலவு எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விடயம்: வருடத்தில் எத்தனை நாள் வங்கியின் பணம் உங்கள் கையில் நிற்கிறது என்பது.

20 லட்சம் ரூபா தேவை என்று வைப்போம். கணக்குக்காக தொழிற்பாட்டு மூலதனக் கடனுக்கு 13 வீதம், ஓடிக்கு 15 வீதம் என்று எடுப்போம். உங்கள் வங்கி சொல்லும் வீதத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துபாருங்கள்.

கடன் என்றால் 20 லட்சமும் ஒரே நாளில் கணக்குக்கு வரும், 12 மாதத் தவணையில் முதல் குறைந்துகொண்டு போகும். முதல் மாதமே 1,66,667 ரூபா முதலும் 21,667 ரூபா வட்டியும் கட்ட வேண்டும். வருட முடிவில் வட்டி மட்டும் ஏறக்குறைய 1,40,800 ரூபா. ஓடியில் பெரும்போக வெட்டுக்கு 45 நாள், சிறுபோக வெட்டுக்கு 45 நாள், ஆக 90 நாள்தான் 20 லட்சமும் எடுபடுகிறது. மற்ற நாட்களில் கணக்கு வரவில் நிற்கிறது. வட்டி ஒவ்வொரு நாளின் நிலுவைக்கும் தனித்தனியாக ஏறுவதால் மொத்தம் 74,000 ரூபா அளவில் முடிகிறது. வீதம் இரண்டு புள்ளி கூட, செலவு பாதி.

வட்டியை விடப் பெரிய சிக்கல் தவணை. பெப்ரவரியில் கடன் எடுத்தால் மார்ச்சில் தவணை வந்து நிற்கும். நெல் இன்னும் ஸ்டோரில் இருக்கும், அல்லது ஆலைக்காரர் தந்த பின்திகதியிட்ட செக் கையில் இருக்கும். தவணைக்காகக் குறைந்த விலைக்கு நெல்லைத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்க்கலாம். ஆகஸ்டில் சிறுபோக நெல் வரும்போது ஆறு தவணை கட்டி முடிந்திருக்கும், கையில் நிற்கும் கடன் பணம் 10 லட்சம்தான். தேவை மட்டும் பழைய 20 லட்சமாகவே இருக்கும். ஓடியில் பணம் கட்டியதும் அந்தளவு எல்லை மறுபடி திறந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு 90 நாளுக்குத்தான் சரி. 20 லட்சமும் வருடத்தில் 170 நாளைத் தாண்டி எடுபட்டு நின்றால் ஓடி வட்டி கடன் வட்டியை மிஞ்சத் தொடங்கும். இதைக் கண்டுபிடிப்பது லேசு. கடந்த 12 மாத வங்கிக் கூற்றை எடுத்து, கணக்கு வரவுக்கு வந்த நாட்களைக் குறியுங்கள். ஒரு நாளும் வரவுக்கு வராமல் 8 லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், அந்த 8 லட்சம் உண்மையில் நிரந்தர முதல். பெரும்பாலும் அது உலர்த்தும் தளத்துக்கோ லொறிக்கோ வீட்டுக்கோ போன பணமாக இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் தவணைக் கடனாக மாற்றி, ஓடி எல்லையை 12 லட்சத்துக்குக் குறைக்கும்படி மனேஜரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால், புதுப்பிக்கும் வருடத்தில் வங்கி அதைக் கவனித்து எல்லையை வெட்டும், அதுவும் வெட்டுக் காலத்துக்கு முன்னால்.

ஓடியில் அடிபடுகிற இடம் செக். 20 லட்ச நிலுவைக்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 822 ரூபா. வெள்ளி பின்னேரம் போட்ட செக் சனி, ஞாயிறு தாண்டித்தான் பணமாகும், அதுவரை வட்டி ஓடும். ஆகவே ஆலைக்காரர் தரும் செக்கின் திகதி வாரத்தின் முற்பகுதியில் விழும்படி பேசிக்கொள்ளுங்கள். அதைவிட மோசம், அந்தச் செக் திரும்பினால் எதிர்பார்த்த வரவு இல்லாமல் போய் எல்லை நிறைந்துவிடும், அதை நம்பி நீங்கள் நெல் தந்த போடியாருக்கு எழுதிய செக்கும் திரும்பும். எல்லையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால் ஒரு செக் திரும்பினாலும் சமாளிக்கலாம்.

வீதம் மாறுவதும் ஓடியின் பலவீனம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி உயர்த்தியபோது, நிலையான வீதத்தில் கடன் எடுத்தவர்களுக்கு அது எட்டவில்லை. ஓடிக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் நெல் வியாபாரி அடுத்த வாங்கலைச் சுருக்கி நிலுவையை இறக்கலாம், தவணைக் கடனில் அதற்கு வழி குறைவு.

ஒரு போகத்துக்கு மட்டும் 90 நாள் கடன் தந்து, முழுவதையும் முடிவில் ஒரே தடவையாகக் கட்டச் சொல்லும் வங்கி கிடைத்தால் அதையும் ஒப்பிடுங்கள். அதில் வீதம் குறைவாக இருந்தால் வெல்லக்கூடும். கையெழுத்துப் போட முன் ஒன்று கேளுங்கள்: நெல் பகுதி பகுதியாக விற்று வரும் பணத்தை இடையில் கட்டினால் வட்டி குறையுமா, முன்கூட்டிக் கட்டுவதற்குத் தண்டம் உண்டா? குறையாது என்றால் ஓடி பக்கமே நிற்பேன். சில்லறைக் கடையோ பேக்கரியோ மாதாமாதம் ஒரே அளவில் விற்பவர்கள் என்பதால், தவணை அவர்களுக்கு இந்தளவு இடிக்காது.