என்பிஎஸ்ஸா, யுபிஎஸ்ஸா: சந்தை சரிந்தால் நஷ்டம் யாருக்கு?

2025 நவம்பர் கடைசி வாரத்தில், ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டமான யுபிஎஸ்ஸுக்கு மாறும் விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 2007-ல் சேர்ந்தேன், 2036-ல் ஓய்வு. எங்கள் பிரிவில் பெரும்பாலானோர் தேசியப் பென்ஷன் திட்டமான என்பிஎஸ்ஸிலேயே இருந்துவிட்டார்கள். "நீங்க ஏன் சார் மாறுனீங்க?" என்று இன்றும் கேட்கிறார்கள். புதிதாக வேலையில் சேருபவர்களுக்கும் இதே கேள்வி வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 ஜனவரி 1-க்கு முன் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன். எவ்வளவு வரும் என்பது முன்பே தீர்மானமானது. பணத்தைத் திரட்டுவது அரசின் பாடு. வரையறுக்கப்பட்ட பலன் என்பது அதுதான். அதற்குப் பின் வந்தது என்பிஎஸ். அதில் எவ்வளவு போடுகிறோம் என்பது மட்டும் தீர்மானம்: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் நம் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 14 சதவீதம். கடைசியில் எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த யுபிஎஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம்மிடம் அதே 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அரசு நம் கணக்கில் 10 சதவீதமும், பொதுத் தொகுப்பு நிதியில் 8.5 சதவீதமும் போடுகிறது. 25 ஆண்டு சேவை இருந்தால், கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக உறுதி. சேவை குறைந்தால் விகிதப்படி குறையும். பத்தாண்டுகூட இல்லை என்றால் உறுதி பென்ஷன் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டிலும் பணம் சந்தையில்தான் போடப்படுகிறது. சந்தை கைவிட்டால் வித்தியாசத்தை யார் கட்டுவது என்பதில்தான் இவை பிரிகின்றன.

என்பிஎஸ்ஸில் நஷ்டம் முழுவதும் நம்முடையது. அதுவும் ஒரே தடவை அல்ல, மூன்று இடங்களில் வந்து நிற்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: ஓய்வு பெறும் சமயத்தில் சந்தை எப்படி இருக்கிறது என்பது. 2020 ஜனவரியில் 12,400-ஐ எட்டிய நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. ஒரு கோடி சேர்த்து, அதில் பாதியைப் பங்குச் சந்தையில் வைத்திருந்த ஒருவருக்கு இரண்டே மாதத்தில் 19 லட்சம் போயிருக்கும். பிறகு மீண்டது, உண்மைதான். ஓய்வு பெற்றவர் பணத்தை எடுக்காமல் தள்ளிப்போடவும் விதி இடம் தருகிறது. ஆனால் சம்பளம் நின்றுபோன வீட்டில் தள்ளிப்போடுவது அவ்வளவு எளிதல்ல.

இரண்டாவது, வட்டி விகிதம். ஓய்வின்போது சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம், மாதாமாதம் பணம் தரும் ஆன்யுட்டி வாங்க வேண்டும். அன்றைக்கு என்ன விகிதமோ அதுதான் ஆயுள் முழுவதும். ஒரு கோடியையும் ஆன்யுட்டியில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 6.5 என்றால் மாதம் 54,166 ரூபாய். 5.5 என்றால் 45,833. உழைத்த வருடங்களும் கட்டிய பணமும் ஒன்றேதான். ஓய்வு பெற்ற தேதி மட்டும் வேறு.

மூன்றாவதுதான் என் முடிவைத் தீர்மானித்தது: விலைவாசி. அம்மா அப்பாவின் குடும்பப் பென்ஷனை வாங்குகிறார். பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி வந்து என்னிடம் நீட்டி, "டிஏ ஏறியிருக்கா பாருப்பா" என்பார். ஜனவரி, ஜூலைக்கான உயர்வு, நிலுவையோடு சேர்ந்து சில மாதம் கழித்துத் தனி வரியாக விழுந்திருக்கும். அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதை ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

2016 ஜனவரியில் அகவிலை நிவாரணம், அதாவது பென்ஷனுக்கான டிஏ, பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்கியது. 2025 ஜூலையில் அது 58 சதவீதம். 2016-ல் 40,000 ரூபாய் பென்ஷனோடு ஓய்வு பெற்ற ஒருவருக்கு, வேறு எந்த உயர்வையும் சேர்க்காமல், அப்போது 63,200 வந்தது. அதே நாளில் அதே 40,000-க்குச் சாதாரண ஆன்யுட்டி வாங்கியவருக்கு இன்றும் 40,000-தான். பத்து வருடத்துக்குள் இவ்வளவு இடைவெளி. ஓய்வு பெற்றவர் 85 வயது வரை இருந்தால், இன்னும் பதினைந்து வருடம் இந்த இடைவெளி விரிந்துகொண்டே போகும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும் ஆன்யுட்டியும் இருக்கிறது. ஆனால் அது தொடக்கத்திலேயே கணிசமாகக் குறைந்த தொகையைத் தரும், விலைவாசி 7 சதவீதம் ஏறினாலும் 3-தான் ஏறும்.

யுபிஎஸ்ஸில் உறுதித் தொகைக்கு அகவிலை நிவாரணம் உண்டு. எனக்குப் பிறகு என் மனைவிக்குப் போகும் 60 சதவீதத்துக்கும் உண்டு. விலைவாசி என்ற ஆபத்தை என்னிடமிருந்து அரசு எடுத்துக்கொள்கிறது. இதைக் கடையில் விலைக்கு வாங்க முடியாது. ஆனாலும் இது கல்லில் எழுதியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, பதினெட்டு மாதம், அகவிலைப்படியையும் நிவாரணத்தையும் 17 சதவீதத்தில் அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அந்தக் காலத்து நிலுவை வரவில்லை. சந்தை ஆபத்துக்குப் பதிலாக அரசின் நிதிநிலையைச் சார்ந்த ஓர் ஆபத்தை வாங்கிக்கொள்கிறேன். அது சிறியது என்பது என் கணிப்பு.

அப்புறம், யுபிஎஸ்ஸில் சேர்ந்தவர்களே பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. உறுதி என்பது நிபந்தனையோடு வருகிறது. நம் கணக்கில் சேரும் தொகை ஒன்று. அதற்குப் பக்கத்தில் பெஞ்ச்மார்க் கார்பஸ் என்று இன்னொரு தொகையையும் கணக்கிடுகிறார்கள்: ஒரு மாதம் விடாமல் பங்களிப்பு வந்து, நடுவில் பணம் எடுக்காமல், இயல்பாக ஒதுக்கப்பட்ட முதலீட்டு முறையிலேயே இருந்திருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பது அது. ஓய்வின்போது நம் தொகை இதற்குச் சமமாக இருந்தால் முழு பென்ஷன். குறைந்தால் பென்ஷனும் அதே விகிதத்தில் குறையும். கூடினால் கூடுதல் நம் கைக்கு வரும்.

ஆக, இயல்பு முறையில் இருக்கும்வரை சந்தை எவ்வளவு சரிந்தாலும் கவலையில்லை; இரண்டு தொகையும் சேர்ந்தே இறங்கும், விகிதம் மாறாது. பங்குச் சந்தை முதலீடு அதிகமுள்ள முறையை நாமே தேர்ந்தெடுத்தால், அந்த வித்தியாசத்துக்கான ஆபத்து மறுபடி நம்மிடம் வந்துவிடும். லாபமும் நம்முடையது, நஷ்டமும் நம்முடையது. மகள் கல்யாணத்துக்கோ வீடு கட்டவோ இடையில் பணம் எடுத்துத் திருப்பிப் போடாவிட்டாலும் இதே கதைதான்.

ஒரு கணக்கு. சராசரி அடிப்படைச் சம்பளம் 80,000, சேவை 25 ஆண்டு. உறுதி பென்ஷன் 40,000. பெஞ்ச்மார்க் ஒரு கோடி, ஆனால் இவர் கணக்கில் 95 லட்சம்தான் இருக்கிறது. பென்ஷன் 38,000 ஆகிவிடும். மனைவிக்கான 24,000, 22,800 ஆகும். குறையும் 5 லட்சத்தைக் கையிலிருந்து கட்டி நிரப்பவும் வழி இருக்கிறது. நிரப்பினால் மாதம் 2,000, 2025 ஜூலையின் 58 சதவீத நிவாரணத்தோடு 3,160, வருடத்துக்கு 37,920 ரூபாய் கூடுதலாக வரும். போட்ட 5 லட்சத்துக்கு ஏறக்குறைய ஏழரை சதவீதம், அதுவும் விலைவாசியோடு ஏறும். கையில் பணம் இருந்தால் நான் யோசிக்காமல் நிரப்புவேன். அந்த 5 லட்சம் திரும்பி வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

படிவம் கொடுக்கும் முன் என் பென்ஷன் கணக்கான பிரானின் பரிவர்த்தனை அறிக்கையை முதல் வருடத்திலிருந்து அச்செடுத்து, பழைய சம்பளச் சீட்டுகளோடு மாதம் மாதமாக ஒத்துப் பார்த்தேன். இடமாற்றம் ஆன சமயத்தில் மூன்று மாதப் பிடித்தம் கணக்கில் ஏறவே இல்லை. பிடித்திருக்கிறார்கள், அனுப்பவில்லை. சீட்டு நகல்களை இணைத்து எழுதிக் கொடுத்து, இரண்டு முறை நேரில் போன பிறகு சரியானது. இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இருபது வருடத்துக்கு முந்தைய சீட்டைத் தேட முடியாது.

என்பிஎஸ்ஸின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. என் பக்கத்து மேசைத் தம்பிக்கு 26 வயது. "சார், என் பணம் என் பேர்ல இருக்கணும், எனக்கப்புறம் என் பிள்ளைக்குப் போகணும்" என்றான். சரியான பேச்சு. யுபிஎஸ்ஸில் நம் கணக்கில் சேர்ந்த தொகை பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பணி முடிவில் ஒவ்வொரு ஆறு மாத சேவைக்கும் சம்பளம், அகவிலைப்படியில் பத்தில் ஒரு பங்கு என்று மொத்தமாகக் கொஞ்சம் தருவார்கள். மேலே சொன்னவருக்கு அது 6.32 லட்சம். கணக்கில் சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை எடுக்கலாம்தான், ஆனால் எடுத்த அளவுக்குப் பென்ஷன் வெட்டு. என்பிஎஸ்ஸில் ஒரு கோடி சேர்ந்திருந்தால், 60 லட்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மீதிக்கு முதல் திரும்பக் கிடைக்கும் ஆன்யுட்டி எடுத்தால் அந்த 40 லட்சம் வாரிசுக்குப் போகும்.

அவனுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 25 வருடத்துக்கு மேல் எத்தனை வருடம் உழைத்தாலும் யுபிஎஸ்ஸில் பாதிச் சம்பளம் என்பது ஏறாது. அவனுக்கு மொத்தம் 34 வருட சேவை. கடைசி ஒன்பது வருடப் பங்களிப்பு அவன் சதவீதத்தைக் கூட்டாது. என்பிஎஸ்ஸில் அந்தப் பணம் அவனுக்காக வளரும். நடுவில் தனியார் வேலைக்குப் போகும் எண்ணமும் அவனுக்கு உண்டு. ராஜினாமா செய்தால் யுபிஎஸ் உறுதி கிடையாது. விருப்ப ஓய்வு பெற்றாலும், இயல்பாக ஓய்வு பெற வேண்டிய தேதியிலிருந்துதான் பென்ஷன் தொடங்கும். அவன் என்பிஎஸ்ஸில் இருப்பதே நல்லது என்று நானே சொன்னேன்.

எனக்கு நிலைமை வேறு. வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன், மனைவி என்னைவிட ஏழு வயது இளையவள். எனக்குப் பின் அவள் பல வருடம் அந்தப் பணத்தை நம்பி இருக்க வேண்டும். ஆன்யுட்டி விகிதம் என்றால் என்ன என்று அவளை அப்போது படிக்கவைக்க எனக்கு மனமில்லை.

நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. யுபிஎஸ் நடைமுறையில் எப்படிப் பட்டுவாடா ஆகிறது என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல இன்னும் பத்து வருடம் ஆகும். ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது: ஓய்வுக்கு ஓராண்டு முன்பு வரை ஒரே ஒரு முறை யுபிஎஸ்ஸிலிருந்து என்பிஎஸ்ஸுக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பினால் அரசுப் பங்கில் குறைந்த 4 சதவீதத்தையும் கணக்கிட்டுச் சேர்த்துவிடுவார்கள். 2035-ல் ஒரு நாள் இரண்டு தொகையையும் அன்றைய ஆன்யுட்டி விகிதத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி இந்தக் கணக்கைப் போடுவேன்.