இரவில் சேர்ந்தால் 14 நாள் ட்ரையல் 14 நாள் வராது

எங்கள் கடைக்காக ஒரு பில்லிங் சாஃப்ட்வேரை 14 நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று சேர்ந்து, ஒரு வருடச் சந்தா 4,788 ரூபாயை இழந்திருக்கிறேன். கேன்சல் செய்ய மறந்து போகவில்லை. நான் நினைத்த நாளும் அவர்கள் கணக்கிட்ட நாளும் வேறாக இருந்தன. கடை சாத்திவிட்டு இரவில்தான் இதையெல்லாம் பார்க்க நேரம் கிடைக்கும் என்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மார்ச் 3, இரவு 10.40-க்குச் சேர்ந்தேன். கார்டு நம்பர் கேட்டார்கள். 2 ரூபாய் எடுத்து, ஓடிபி வாங்கி, வருடாவருடம் தானாகப் பணம் எடுக்க மேன்டேட் பதிவானது. கணக்குப் பக்கத்தில் `Trial ends: 17 Mar` என்று போட்டிருந்தது. மூன்றோடு பதினான்கைக் கூட்டினால் பதினேழு, சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பத்து நாள் போட்டுப் பார்த்ததில் கடன் பாக்கி நோட்டு எங்களுக்குத் தோதாக இல்லை. 17 இரவு கடை சாத்தியதும் கேன்சல் செய்துவிடலாம் என்று இருந்தேன்.

17-ஆம் தேதி காலை 5.34-க்கு பேங்க் மெசேஜ். 4,788 ரூபாய் போய்விட்டது. ஓடிபி கேட்கவே இல்லை. 15,000 ரூபாய் வரைக்குமான மேன்டேட் தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். நாலு மெயில் போன பிறகு விளக்கம் வந்தது. அவர்கள் மணி நேரத்தை எண்ணுவதில்லை, தேதியை எண்ணுகிறார்கள். சேர்ந்த நாளே முதல் நாள். அதாவது 3-ஆம் தேதி ஒன்று, 16-ஆம் தேதி பதினான்கு. 17 பிறந்ததுமே ட்ரையல் முடிந்தது. பக்கத்தில் இருந்த தேதி கடைசி நாள் இல்லை, பணம் எடுக்கும் நாள். இதில் இன்னொன்றும் சேர்ந்தது. அவர்களுடைய நள்ளிரவு நம் நள்ளிரவு இல்லை, யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால்தான் அங்கே 12 மணி அடித்தபோது இங்கே காலை 5.30.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் 3 இரவு 10.40-லிருந்து 17 காலை 5.30 வரை 13 நாளும் 6 மணி 50 நிமிடமும்தான். 17 மணி 10 நிமிடம் காணோம். அது வேறு எங்கும் போகவில்லை. நான் சேர்ந்தபோது அவர்கள் கடிகாரத்தில் மாலை 5.10. அந்த நாளில் நான் சேர்வதற்கு முன்பே கழிந்துபோன நேரத்தையும் முழு நாளாக என் கணக்கில் எழுதிவிட்டார்கள். அன்று படுத்துத் தூங்கி மறுநாள் காலை 5.30 தாண்டிச் சேர்ந்திருந்தால் எனக்கு 18-ஆம் தேதி காலை வரை, ஏறக்குறைய முழு 14 நாளும் கிடைத்திருக்கும்.

எல்லோரும் இப்படி எண்ணுவதில்லை. சேர்ந்த நொடியிலிருந்து 14 முறை 24 மணி நேரம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அங்கே எனக்கு 17 இரவு 10.40 வரை இருந்திருக்கும். ஆப்பிள் வழியாகச் சேரும் ட்ரையலை, முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே கேன்சல் செய்யச் சொல்கிறார்கள். ஆகவே தேதியை மட்டும் பார்க்காதீர்கள். மணியும் எந்த நாட்டு நேரம் என்பதும் இல்லாத தேதி அரைத் தகவல். சேரும் முன்பே ஒரு மெயில் போட்டு, “இந்திய நேரப்படி எத்தனை மணிக்குப் பணம் எடுப்பீர்கள்?” என்று கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டிருந்தால் இன்று கையில் எழுத்தில் ஒன்று இருந்திருக்கும்.

என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு மெசேஜ் வரவும் செய்தது. இந்த மாதிரி மேன்டேட்டில் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15-ஆம் தேதி இரவு எனக்கு அந்த எஸ்எம்எஸ் வந்தது. தொகையும் 17 என்ற தேதியும் இருந்தன, மணி இல்லை. 17-தானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று மூடிவிட்டேன். அந்த மெசேஜ் வந்தால் அன்றே கேன்சல் செய்யுங்கள். அதில் உள்ள வழியிலோ பேங்க் ஆப்பிலோ அந்தப் பணத்தை மட்டும் நிறுத்தலாம், மேன்டேட்டையே ரத்தும் செய்யலாம். ஆனால் மேன்டேட்டை ரத்து செய்தால் பணம்தான் நிற்கும், அவர்களிடம் உள்ள சந்தா அப்படியே இருக்கும். அதையும் தனியாக கேன்சல் செய்து, கேன்சல் ஆன மெயிலை எடுத்து வையுங்கள்.

வருடச் சந்தாவுக்குப் பணம் திரும்பத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேன்டேட்டை ரத்து செய்துவிட்டேன். அந்த சாஃப்ட்வேர் அடுத்த மார்ச் வரை என் பெயரில் இருக்கிறது. கடையில் பில் பழையபடி நோட்டில்தான் போடுகிறோம்.