லாக்டுலோஸ் 5 மாதம், பவுடர் ஒன்றரை வருடம்

"மலச்சிக்கலுக்கு ரெண்டு வருஷமா மருந்து குடிக்கிறியே, குடல் பழகிடாதா?" என்று நேற்று காட்பாடி ஸ்டேஷனில் நண்பர் கேட்டார், ரயில் வந்துவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இங்கே.

முதல் 5 மாதம் லாக்டுலோஸ் சிரப், ராத்திரி 15 மில்லி. அது சர்க்கரை மாதிரிதான், ஆனால் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், அந்த அமிலம் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். புளித்தால் வாயு வரத்தானே செய்யும்! தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவனுக்கு அரக்கோணம் தாண்டுவதற்குள் வயிறு மேளம் மாதிரி உப்பிவிடும். கூட்டத்தில் நின்றபடி அடக்கிக்கொண்டு வந்த அந்த 5 மாதத்தை நான் மறக்கமாட்டேன்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சிரப் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். அது தெரியாமல், காலையில் ஒன்றும் நடக்கவில்லையே என்று அன்றைக்கே இரண்டு மடங்கு குடித்தேன். மூன்றாம் நாள் தண்ணியாகப் போக ஆரம்பித்தது. மே மாத வேலூர் வெயில், பிரஷருக்காக எடுக்கும், சிறுநீரை அதிகமாக்கும் தண்ணி மாத்திரை வேறு, எழுந்து நின்றால் கண் இருட்டியது. இந்த மருந்துகளில் உண்மையான ஆபத்து இதுதான்: உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைவது. அளவைக் கூட்டுவதென்றால் இரண்டு மூன்று நாள் பொறுத்துத்தான் கூட்ட வேண்டும், தண்ணியாகப் போனால் உடனே குறைக்க வேண்டும்.

அப்புறம் டாக்டர் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடருக்கு மாற்றினார். 17 கிராம், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில். கரைந்ததும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், ருசியும் இல்லை. அதை உடம்பு உறிஞ்சுவது மிக மிகக் குறைவு, பாக்டீரியாவும் தின்னாது, கரைத்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கீழே வரைக்கும் போகும். புளிப்பு இல்லை, அதனால் அந்த உப்புசமும் இல்லை. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அரை அளவு போதுகிறது.

சரி, எத்தனை நாள் குடிக்கலாம்? அமெரிக்காவில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் இந்தப் பவுடர் டப்பாவில் 7 நாள் என்று போட்டிருக்கும். டாக்டரைக் கேட்காமல் நாமே குடிப்பதற்கான வரம்பு அது. டாக்டர் பார்வையில் 6 மாதம், ஒரு வருடம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலனும் குறையவில்லை, பெரிய கெடுதலும் தெரியவில்லை. சிரப்போ பவுடரோ குடலைச் சோம்பேறியாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை உப்புச்சத்து, கிரியாட்டினின் பார்க்கிறார்கள். சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, வயிறு வீங்கி வாந்தி வந்தாலோ இன்னொரு டம்ளர் கலக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும், யாராவது முதல்முறை கேட்டால் நான் சிரப்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எல்லோருக்கும் என்னைப் போல உப்பாது, மாதச் செலவும் எனக்கு அதில் குறைவாக இருந்தது, முழு டம்ளர் குடிக்கவும் வேண்டாம். நண்பரின் அப்பாவுக்குக் கல்லீரலுக்காக லாக்டுலோஸ் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அது ரத்தத்தில் அம்மோனியாவைக் குறைக்கத் தருவது, என் கதையைக் கேட்டு அதை நிறுத்திவிட வேண்டாம்.