மூன்று வருடம், ஒரே சள்ளை: பாரசீக மேற்கோள் பட்டியலும் அந்த ஆண்டுப் பெட்டியும்

“அக்கா, நீங்க வச்சிருக்கிற அந்த மேற்கோள் மென்பொருள் பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?” என்று போன வாரம் ஒரு தோழி கேட்டாள். அவளும் என்னைப் போலவே ஈரானிய மாணவர்களின் பாரசீக ஆய்வேடுகளை ஆங்கில இதழ்களுக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்து கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருடமாக அதைத் தினமும் திறக்கிறேன், தினமும் திட்டுகிறேன். பெயர் வேண்டாம், பயன்படுத்துகிறவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

கடைசியாக முடித்த வேலையை வைத்தே சொல்கிறேன். கொராசானைச் சேர்ந்த ஒரு மாணவியின் முதுகலை ஆய்வேடு. காயேன் பகுதியில் சொட்டு நீர்ப்பாசனம் குங்குமப்பூ மகசூலை எப்படி மாற்றுகிறது என்பது பொருள். தலைப்பு ‘பர்ரசியே தஅஸீரே...’ என்று தொடங்கும். அதாவது ‘தாக்கத்தை ஆராய்தல்’. ஈரானிய ஆய்வேடுகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். ஆங்கிலத்தில் அந்த ‘ஆராய்தல்’ வெறும் சுமை, வெட்டிவிடலாம். வெட்டக் கூடாத சொல் ‘அமல்கர்த்’. மேலாண்மை ஆய்வில் அது செயல்திறன், பயிரைப் பற்றிப் பேசும்போது மகசூல். மாணவி தானே போட்டுவந்த ஆங்கிலத் தலைப்பில் குங்குமப்பூ ஏதோ மேடையேறியதுபோல ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருந்தது. ‘ஷஹ்ரெஸ்தான்’ என்பதையும் நகரம் என்று போட்டிருந்தாள். அது நகரமல்ல, மாகாணத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. ஆங்கிலத்தில் ‘கவுன்ட்டி’ என்றே எழுதுகிறார்கள்.

குறிச்சொற்களில் இன்னொரு வேடிக்கை. விவசாயிகள் குங்குமப்பூக் கிழங்கைப் ‘பியாஸ்’ என்பார்கள். அகராதியைப் பார்த்து மாற்றினால் வெங்காயம் வந்துவிடும். ஆய்வாளர்கள் எழுதும் சொல்லோ பாரசீக எழுத்தில் காட்டுப் பிஸ்தாவுக்கும் அச்சு அசல் ஒன்றே, குறில் உயிர்களை எழுதாததால். விவசாயிகள் சொல்வதற்கும் ஆய்வாளர்கள் எழுதுவதற்கும் சரியான ஆங்கிலம் ‘கார்ம்’. தேடுகிறவர் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார். தலைப்பும் குறிச்சொற்களும் சேர்ந்து ஒரு பகல் வேலை. இதில் மென்பொருள் மேல் குறை எதுவும் இல்லை.

சள்ளை மேற்கோள் பட்டியலில்தான். மொத்தம் 47, அதில் பாரசீக மேற்கோள்கள் 31. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் 31-ஐயும் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். தேவையே இல்லை. ஈரானிய ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆங்கிலச் சுருக்கம் போடுகின்றன. அதில் ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட ஆங்கிலத் தலைப்பு, அவர்கள் தங்கள் பெயரை எழுதும் எழுத்துக்கூட்டல், இதழின் ஆங்கிலப் பெயர் எல்லாம் இருக்கும். ஹொசெய்னி என்ற பெயரை ஒரு ‘எஸ்’ போட்டும் எழுதலாம், இரண்டு போட்டும் எழுதலாம்; நாமாக ஊகித்தால் ஒரே ஆள் இரண்டு ஆள் ஆகிவிடுவார். ‘ஜெராஅத் வ ஃபன்னாவரியே ஜஅஃப்ரான்’ என்ற இதழின் ஆங்கிலப் பெயர் Saffron Agronomy and Technology. முதல் சொல்லை நாமாக மொழிபெயர்த்தால் வேளாண்மை என்றோ சாகுபடி என்றோ போட்டிருப்போம், அப்படி ஒரு இதழே கிடையாது. இந்த 31-இல் 24 அப்படியே கிடைத்தன. கட்டுரைக்கென்று இணையத்தில் இருக்கும் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணைக் கொடுத்தால் இந்த மென்பொருள் இரண்டு நொடியில் எல்லாப் பெட்டிகளையும் நிரப்பித் தரும். அந்த நேரத்தில் அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்புறம் ஆண்டுப் பெட்டி கண்ணில் படும். பாரசீகப் பட்டியலில் ஈரானிய ஆண்டு 1398 என்று இருக்கிறது. மென்பொருளுக்கு அது கி.பி. 1398. வரிசைப்படுத்தச் சொன்னால், ஒரே ஆசிரியர் எழுதியவற்றில் 2005-க்கும் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். அதே கட்டுரையை டி.ஓ.ஐ. வழியாக எடுத்தால் 2020 என்று வரும். தலைப்பு வேறு மொழி, ஆண்டு வேறு எண், ஆக இரண்டும் ஒன்றே என்று அதற்குத் தெரியாது. பட்டியலில் இரட்டைப் பிள்ளையாக உட்காரும். 31 என்று நினைத்தவை உண்மையில் 29.

621-ஐக் கூட்டினால் தீர்ந்தது என்று சொல்வார்கள், தீராது. ஈரானிய ஆண்டு நவ்ரூஸ் அன்று, மார்ச் 20 அல்லது 21-இல் தொடங்குகிறது. 1398 என்பது 2019 மார்ச் 21 முதல் 2020 மார்ச் 19 வரை. வசந்தம், கோடை, இலையுதிர் இதழ்களுக்கு 621 சரி, 2019 வரும். குளிர்கால இதழ் டிசம்பர் 22-இல் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பெரும்பாலான நாட்கள் 2020-இல் விழுவதால் அநேக இதழ்கள் தங்கள் ஆங்கிலப் பக்கத்தில் 2020 என்கின்றன. சில 2019 என்றே விடுகின்றன. கணக்குப் போடுவதைவிட இதழ் என்ன சொல்கிறதோ அதைப் போடுவதே பாதுகாப்பு. போன வருடம் ஒரு பட்டியலில் நான் எல்லாவற்றுக்கும் 621 கூட்டிவிட்டேன். அச்சுக்கு முன் இதழிலிருந்து கேள்வி வந்தது: நான்கு மேற்கோள்களில் ஆண்டு டி.ஓ.ஐ. பதிவோடு ஒத்துப்போகவில்லை. நான்கும் குளிர்கால இதழ்கள்.

இந்த ஆய்வேட்டில் இன்னும் இரண்டு கண்ணிகள் இருந்தன. ஒரு பழைய புத்தகத்துக்கு 2536 என்று ஆண்டு. தட்டச்சுப் பிழை என்று அழிக்கப் போனேன். பிழையில்லை. ஷா 1976-இல் கொண்டுவந்து 1978-இல் கைவிட்ட பேரரசு நாட்காட்டி அது. 1180-ஐக் கழித்தால் 1356, அதாவது பெரும்பாலும் 1977. இன்னொன்றில் 1398-க்குப் பக்கத்தில் ‘காஃப்’ எழுத்து. அது சந்திர ஹிஜ்ரி. அந்த 1398 தொடங்கியது 1977 டிசம்பரில். ஒரே எண், நாற்பது வருட வித்தியாசம், அதைக் காட்டிக் கொடுப்பது ஒற்றை எழுத்து! மென்பொருளோ அந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதற்காகத்தான் வருடா வருடம் பணம் கட்டுகிறேனா என்று அன்று மேசையைத் தட்டியேவிட்டேன்.

இப்போது நான் செய்வது இதுதான். ஆண்டுப் பெட்டியில் ஆங்கில ஆண்டு மட்டும். மூலத்தில் இருந்தது பருவத்தோடு குறிப்புப் பெட்டிக்குப் போகிறது.

```
PY  - 2020
LA  - Persian
N1  - 1398 Zemestan
```

Zemestan என்றால் குளிர்காலம். குறிப்பில் 1398 இருப்பதால் இரட்டைகளைத் தேடிப் பிடிக்க முடிகிறது. பதிவு முடிவில் ‘பாரசீகத்தில்’ என்ற அடைப்புக்குறிச் சொல்லைக் கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது, அது தானாக வராது. பக்க எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுவேன். வலமிருந்து இடமாகத் தட்டச்சு செய்தவர்கள் 45 முதல் 60 வரை என்பதை 60-45 என்று அடித்திருப்பார்கள். முதல் எண் பெரிதாக இருந்தால் சந்தேகப்படலாம். 31 மேற்கோள்களுக்கு இந்த ஆண்டு வேலை மட்டும் ஒரு மாலை முழுக்க எடுத்தது.

நியாயமாகப் பார்த்தால் இவ்வளவுக்கும் மென்பொருள் மட்டும் காரணம் இல்லை. ஒரே நாட்டில் மூன்று நாட்காட்டி புழங்கினால் அது என்ன செய்யும்? ஆனால் மூன்று வருடத்தில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன், ஆண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘எந்த நாட்காட்டி’ என்று ஒரு சின்னத் தேர்வு வையுங்கள் என்று. நன்றி சொல்லிப் பதில் வந்தது. பெட்டி அப்படியே இருக்கிறது.

தோழிக்கு, வாங்காதே, ஒரு விரிதாளில் பருவத்துக்கு ஒரு பத்தி போட்டு வைத்துக்கொள், போதும் என்று சொல்லிவிட்டேன். அதே மாலையில் என் சந்தாவை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன், டி.ஓ.ஐ. போட்டால் இரண்டு நொடியில் நிரம்புகிறதே, அந்த ஆசைதான். இதை எழுதும்போது திரையில் 1402 குளிர்கால இதழ் ஒன்று திறந்திருக்கிறது. 2023-ஆ 2024-ஆ என்று போய்ப் பார்க்க வேண்டும்.