150% லேப்டாப், 100% மானிட்டர்: ஒன்றரை வருட மங்கலும் நான் கண்டுபிடித்த காரணமும்

ஒரு நாள் எழுத்து கண்ணாடி போல இருக்கும். மறுநாள் அதே மேசை, அதே மானிட்டர், அதே கணக்குப் புரோகிராம், ஆனால் எழுத்தெல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கும். முதல் நான்கு மாதம் கண்ணாடிப் பவர் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேபிளைச் சந்தேகப்பட்டு, புதிது வாங்கி மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

என்னிடம் இருப்பது 14 அங்குல லேப்டாப், 24 அங்குல மானிட்டர். இரண்டுமே 1920×1080, ஓடுவது விண்டோஸ். பிக்சல் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், லேப்டாப்பில் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 157 பிக்சல், மானிட்டரில் சுமார் 92. அதனால் லேப்டாப்பில் எழுத்து பொடியாகத் தெரியும். அதற்கு 150% ஸ்கேலிங், மானிட்டருக்கு 100% என்று வைத்தேன். பார்வைக்கு இரண்டிலும் எழுத்து கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது.

150 என்பது முழு மடங்கு இல்லை, அதனால்தான் மங்குகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. எழுத்துரு என்பது கோடுகளின் வடிவம். அதை எந்த அளவிலும் புதிதாக வரையலாம். திரையின் அளவைத் தெரிந்துகொண்டு வரையும் புரோகிராமுக்கு 150% ஒரு சிரமமே இல்லை. என் பிரவுசர் ஒருநாளும் மங்கியதில்லை. மங்குவது வேறு இடத்தில்: ஒரு புரோகிராம் ஒரு அளவுக்கு வரைந்து முடித்துவிடுகிறது, அந்த முடிந்த படத்தை விண்டோஸ் எடுத்து இன்னொரு அளவுக்கு இழுக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கும் அதே வேலைதான்.

‘ட’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக ஒரு கோடு, கிடையாக ஒரு கோடு. செங்குத்துக் கோடு ஒரு பிக்சல் அகலம் என்றால், ஒன்றரை மடங்கு இழுத்ததும் அது ஒன்றரை பிக்சல் ஆக வேண்டும். அரை பிக்சல் என்று திரையில் ஒன்று கிடையாது. ஆகவே ஒரு பிக்சல் கறுப்பாகவும் பக்கத்துப் பிக்சல் சாம்பலாகவும் வருகிறது. அந்தச் சாம்பல் விளிம்பைத்தான் கண் மங்கல் என்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயின்ட்டில் எட்டு மடங்கு பெரிதாக்கினால் இதை நேரிலேயே பார்த்துவிடலாம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டால் இன்னொரு பயனும் உண்டு. படத்திலும் மங்கல் இருந்தால் கோளாறு ஸ்கேலிங்கில். படம் சுத்தமாக இருந்து மானிட்டரில் மட்டும் மங்கினால், ரெசல்யூஷன் அதன் இயல்பான அளவில் இல்லை, அல்லது கேபிள் வழியே போகும் சிக்னலில் ஏதோ குறை. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் புதுக் கேபிள் காசு மிஞ்சியிருக்கும்.

சரி, ஏன் ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் மங்கல்? இதைப் பிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. பழைய பாணிப் புரோகிராம்கள் பல, தொடங்கும்போது முதன்மைத் திரையின் அளவு என்ன என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கின்றன. அப்புறம் மூடும்வரை அதே கணக்குதான். சில அதைவிடப் பிடிவாதம்: விண்டோஸில் நுழைந்தபோது இருந்த அளவையே வைத்துக்கொள்ளும்.

நான் சில நாள் மானிட்டரைச் செருகிவிட்டு வேலையைத் தொடங்குவேன். அப்போது முதன்மைத் திரை மானிட்டர்தான். புரோகிராம் 100% என்று எடுத்துக்கொள்ளும், எழுத்து தெளிவாக இருக்கும். வேறு சில நாள் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பிலேயே கணக்கைத் திறந்து, பாதியில் மேசைக்கு வந்து செருகுவேன். புரோகிராமோ 150% கணக்கிலேயே வரைந்துகொண்டிருக்கும். அதை விண்டோஸ் மூன்றில் இரண்டாகச் சுருக்கி மானிட்டரில் காட்டும். ஒரு பிக்சல் கோட்டுக்கு அங்கே முழுப் பிக்சல் கிடைப்பதில்லை.

மங்கலிலும் இரண்டு ஜாதி இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். எழுத்து மெலிந்து வெளிறிப்போயிருந்தால் பெரிய படம் சுருக்கப்பட்டிருக்கிறது. தடித்து ஊதியிருந்தால் சின்னப் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. மானிட்டரில் திறந்த ஜன்னலை லேப்டாப்புக்கு இழுத்துப் போனால் இரண்டாவது ரகம் வரும்.

எந்தப் புரோகிராம் எந்த வகை என்று ஊகிக்கத் தேவையில்லை. Task Manager திறந்து Details பக்கத்தில், மேலே உள்ள தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து Select columns போனால் DPI Awareness என்ற பத்தியைச் சேர்க்கலாம். அதில் Per-Monitor என்று தொடங்கினால் ஒவ்வொரு திரைக்கும் புதிதாக வரையும் வகை. System என்றால் மேலே சொன்ன ஒரு தடவை கேட்கும் ரகம். Unaware என்றால் கேட்பதே இல்லை, எப்போதும் 100% என்றே வரையும். லேப்டாப்பில் ஊதித்தான் தெரியும். என் கணக்குப் புரோகிராமின் நேரே System என்று இருந்தது.

தீர்வு என்று தேடிச் செய்தவற்றில் மோசமானது, 130% என்று நானே ஒரு எண் போட்டது. தனிப்பயன் எண் எல்லாத் திரைக்கும் சேர்ந்தே பொருந்தும் என்பதும், வெளியேறி மறுபடி நுழைய வேண்டும் என்பதும் போட்ட பிறகுதான் புரிந்தது. மானிட்டரில் எல்லாம் பூதாகரமாக நின்றது.

அடுத்து, புரோகிராமின் exe கோப்பில் Properties, Compatibility, Change high DPI settings வழியே போய், கீழே உள்ள Override பெட்டியை டிக் செய்து பார்த்தேன். Application என்று வைத்தால் விண்டோஸ் இழுப்பதை நிறுத்திவிடும். எழுத்து கூர்மைதான், ஆனால் திரைக்குத் திரை அளவு மாறாது. லேப்டாப்புக்குக் கொண்டுபோனால் எறும்பு சைஸ். System (Enhanced) என்று வைத்தபோது எழுத்து அழகாக வந்தது, ஐகான்கள் மட்டும் மங்கலாகவே நின்றன. எழுத்தை விண்டோஸின் பழைய ஜிடிஐ முறையில் வரையும் புரோகிராம்களுக்குத்தான் இது பலிக்கும். இன்னொரு பழைய புரோகிராமில் போட்டுப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை.

இரண்டு திரைக்கும் 125% என்று ஒரே அளவு வைப்பது தொழில்நுட்பமாகச் சுத்தமான வழி. அளவு ஒன்றாக இருந்தால் இழுக்கவே தேவை வராது. Unaware வகை மட்டும் அப்போதும் தப்பாது. இரண்டு வாரம் அப்படி ஓட்டினேன். மானிட்டரில் இடம் 1536×864 ஆகச் சுருங்கியது. விரிதாளில் வழக்கமாகத் தெரியும் கடைசிப் பத்திகள் ஒளிந்துகொண்டன. எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் மானிட்டரில் பிக்சல் அதிகம் என்றால் இதையே முதலில் முயலுங்கள்.

கடைசியில் 150, 100 என்ற பழைய அமைப்புக்கே திரும்பிவிட்டேன். கணக்குப் புரோகிராமுக்கு System (Enhanced) அப்படியே இருக்கிறது. அது பலிக்காத பழையதை மானிட்டரைச் செருகிய பிறகுதான் திறக்கிறேன், மானிட்டரை விட்டு நகர்த்துவதில்லை. மறந்துபோய் முன்பே திறந்துவிட்டால் மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியாவிட்டால் Sign out செய்து மறுபடி நுழைகிறேன். கடந்த ஆறு மாதத்தில் அப்படி இரண்டு தடவைதான் வந்தது.